ஹேபிட் ட்ராக்கர்: கோட் எழுதும் முன் ‘ஒரு நாள்’ எது என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி: பழக்கங்களைக் குறித்துவைக்க ஒரு மொபைல் ஆப் எழுதப்போகிறேன். முதலில் பயன்படுத்தப்போவது மதுரையில் காலை வாக்கிங் போகும் அப்பாவும், லண்டனில் இருக்கும் அக்காவும்தான். டேபிள் எப்படிப் போடுவது, விடாமல் செய்த நாட்களை எண்ணும் ஸ்ட்ரீக் எப்போது அறுந்ததாகக் கணக்கு, ரிமைண்டர் எப்படி வைப்பது? கோட் தொடுவதற்கு முன்பே எதையெல்லாம் முடிவு செய்துகொள்ள வேண்டும்?

பதில்:

அப்பாவின் வாக்கிங்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த ஆப்பில் உள்ள பாதிச் சிக்கல் அதிலேயே இருக்கிறது.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதே டிக் போட்டுவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 5:40, செவ்வாய் காலை 5:10, புதன் காலை 5:45. மூன்று நாளும் தவறவில்லை. பெரும்பாலோர் முதலில் செய்வதுபோல நீங்களும் டிக் போட்ட நேரத்தை உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் சேமித்துவிட்டு, அதன் தேதிப் பகுதியை மட்டும் எடுத்து நாளைக் கணக்கிடுகிறீர்கள். நம் நேரம் யூ.டி.சி.யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. திங்கள் 5:40 என்பது யூ.டி.சி.யில் திங்கள் 0:10. சரி. செவ்வாய் 5:10 என்பது யூ.டி.சி.யில் திங்கள் இரவு 23:40. அதாவது திங்கட்கிழமைக்கு இரண்டு டிக், செவ்வாய்க்கு ஒன்றுமில்லை, புதனுக்கு ஒன்று. அப்பா அரை மணி நேரம் சீக்கிரம் எழுந்ததற்குத் தண்டனையாக ஸ்ட்ரீக் அறுந்துவிட்டது.

இந்தப் பிழை உங்கள் சோதனையில் தெரியாது. நீங்கள் பகல் பதினொரு மணிக்கு உட்கார்ந்து டெஸ்ட் செய்வீர்கள். காலை 5:30-க்குப் பிறகு எல்லாம் சரியாகவே இருக்கும். “நான் போனேனே, ஏன் காட்டவில்லை?” என்ற புகார் விடிகாலையில் எழுபவர்களிடமிருந்து மட்டும் வந்தால், முதலில் இங்கே பாருங்கள்.

ஆகவே முதல் முடிவு இது: பழக்கம் என்பது நேரத்தோடு ஒட்டியதல்ல, தேதியோடு ஒட்டியது. டிக் போடும் கணத்தில் அந்த ஃபோன் இருக்கும் ஊரில் என்ன தேதியோ, அதையே எழுத்தாகச் சேமியுங்கள். `2025-03-12` என்று. அதற்குப் பிறகு அதை எந்த டைம்ஸோனுக்கும் மாற்றிக் கணக்கிடக் கூடாது. டிக் போட்ட துல்லியமான நேரத்தையும் டைம்ஸோன் பெயரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அது பிறகு புகார் வரும்போது பார்ப்பதற்கு, கணக்குக்கு அல்ல. இப்படிச் செய்தால் அப்பா சிங்கப்பூருக்குப் போய்வந்தாலும் பழைய நாட்கள் இடம் மாறாது.

அடுத்து, அந்தத் தேதி எத்தனை மணிக்கு மாறும்? நள்ளிரவு 12 என்று வைப்பது சுலபம், ஆனால் இரவு 12:40-க்குப் படுக்கப் போகும்போது டைரி எழுதி டிக் போடுகிறவருக்கு அது இன்னமும் ‘இன்று’தான். ஃப்ளாஷ்கார்டு வைத்துப் படிக்க உதவும் ஆன்கி ஆப்பில் புதிய நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்குவதாகத்தான் இயல்பாக அமைத்திருப்பார்கள். நான் 3 மணி வைப்பேன். மார்கழியில் மூன்றே முக்காலுக்கு வாசலில் கோலம் போடுகிற அம்மாக்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். 4 மணி என்று வைத்தால் அவர்கள் கணக்கு முந்தின நாளில் போய் விழும். எதுவானாலும் ஒரே ஓர் எண்ணை ஒரே ஓர் இடத்தில் வையுங்கள். “இப்போது எந்த நாள்?” என்று கேட்டால் பதில் சொல்ல ஒரே ஒரு ஃபங்ஷன் இருக்க வேண்டும். ஆப்பின் வேறு எந்த மூலையிலும் நேரத்திலிருந்து தேதியைப் பிரித்தெடுக்கும் வரி இருக்கக் கூடாது.

இப்போது டேபிள்கள். ஒரே ஆள், ஒரே ஃபோன், SQLite என்று வைத்து எழுதுகிறேன். SQLite-இல் தேதிக்கென்று தனி வகை கிடையாது, எழுத்தாகவே வைக்கலாம். வருடம்-மாதம்-நாள் வரிசையில் இருப்பதால் எழுத்தாக ஒப்பிட்டாலும் சரியாகவே வரிசைப்படும்.

```sql
CREATE TABLE habit (
  id TEXT PRIMARY KEY,
  name TEXT NOT NULL,
  start_date TEXT NOT NULL,
  archived_on TEXT
);
CREATE TABLE schedule (
  habit_id TEXT NOT NULL,
  from_date TEXT NOT NULL,
  days TEXT NOT NULL,
  PRIMARY KEY (habit_id, from_date)
);
CREATE TABLE entry (
  habit_id TEXT NOT NULL,
  local_date TEXT NOT NULL,
  state TEXT NOT NULL
    CHECK (state IN ('done','skip')),
  logged_at TEXT NOT NULL,
  zone TEXT NOT NULL,
  PRIMARY KEY (habit_id, local_date)
);
```

இதில் `current_streak` என்று ஒரு ஃபீல்டு இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது மறதியால் விட்டதல்ல. என் முதல் முயற்சியில் அதை வைத்திருந்தேன். டிக் போட்டால் ஒன்று கூட்டுவது, ராத்திரி ஒரு வேலை ஓடி டிக் இல்லாவிட்டால் பூஜ்யமாக்குவது. ஃபோன் சார்ஜ் தீர்ந்து அணைந்த ராத்திரிகளில் அந்த வேலை ஓடவில்லை, ஸ்ட்ரீக் செத்தும் சாகாமல் நின்றது. தவறுதலாகத் தொட்டு, எடுத்து, மறுபடி தொட்டவர்களுக்கு இரண்டு கூடியது. எண் தப்பு என்று தெரிந்தபோது எது சரியான எண் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. நடந்ததை மட்டும் எழுதிவைத்து, ஸ்ட்ரீக்கை ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பழக்கத்துக்கு வருடத்துக்கு 365 வரிதான். பத்து வருடம் என்றாலும் எண்ணுவதற்கு ஃபோனுக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். நாளைக்கு விதியை மாற்ற நினைத்தாலும் பழைய தரவு அப்படியே பயன்படும்.

`entry` டேபிளில் ‘தவறியது’ என்ற நிலையும் இல்லை. தவறியது என்றால் வரியே இல்லை என்று பொருள். அதை ஒரு வரியாக எழுதப் போனால் யார், எப்போது எழுதுவது என்று மறுபடியும் அந்த ராத்திரி வேலையில்தான் போய் நிற்போம். பழக்கமும் தேதியும் சேர்ந்து ப்ரைமரி கீ ஆக இருப்பதால் ஒரு நாளுக்கு ஒரு வரிதான் இருக்க முடியும். இரண்டு முறை தொட்டாலும் ஒன்றுதான்.

`schedule` ஏன் தனி டேபிள் என்று கேட்கலாம். `habit`-இலேயே ஒரு ஃபீல்டாக வைத்தால் என்ன? அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நீங்களும் கோட் எழுதும் முன் இதே மாதிரி ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

2025 மார்ச் 3, திங்கட்கிழமை. அப்பா திங்கள், புதன், வெள்ளி மட்டும் வாக்கிங் போவதாக ஆரம்பிக்கிறார். 3-ஆம் தேதி போனார். 5-ஆம் தேதி போனார். 7-ஆம் தேதி காய்ச்சல், ‘விடுப்பு’ என்று குறித்தார். 10-ஆம் தேதி போனார். 12-ஆம் தேதி சாயங்காலம் போனார், ஆனால் ஞாபகம் வந்து டிக் போட்டது ராத்திரி 12:40-க்கு. 13-ஆம் தேதி வியாழன், “உடம்பு நன்றாக இருக்கிறது, இனி தினமும் போகிறேன்” என்று அட்டவணையை மாற்றினார். 13, 14 இரண்டு நாளும் போனார். இன்று 15, சனிக்கிழமை காலை, இன்னும் கிளம்பவில்லை. ஸ்ட்ரீக் எத்தனை?

இன்றிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 15 இன்னும் முடியவில்லை, அதனால் கூட்டவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். 14 ஒன்று, 13 இரண்டு, 12 மூன்று. 11-ஆம் தேதி செவ்வாய். அன்றைக்கு அமலில் இருந்த அட்டவணைப்படி அவர் போக வேண்டிய நாளே இல்லை, தாண்டுங்கள். 10 நான்கு. 9, 8 தாண்டுங்கள். 7 விடுப்பு, அறுக்காது, கூட்டவும் கூட்டாது. 6 தாண்டி, 5 ஐந்து. 4 தாண்டி, 3 ஆறு. விடை ஆறு.

இப்போது விதிகளில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பாருங்கள். அட்டவணைக்குச் சரித்திரம் வைக்காமல், `habit`-இல் இருந்த ஃபீல்டை ‘தினமும்’ என்று மாற்றி எழுதியிருந்தால், 11-ஆம் தேதி திடீரென்று தவறிய நாள் ஆகிவிடும், ஸ்ட்ரீக் மூன்று. அதிகமாகச் செய்கிறேன் என்று சொன்ன மனிதருக்குப் பாதி போய்விட்டது. நாள் நள்ளிரவில் மாறுவதாக வைத்திருந்தால் ராத்திரி 12:40-க்குப் போட்ட டிக் 13-இல் விழும், 12 காலியாகும், ஸ்ட்ரீக் இரண்டு. விடுப்பு என்ற நிலை இல்லாவிட்டால் 7-இல் அறுந்து நான்கு. இன்றைய நாளை முடிந்ததாக எண்ணினால், காலையில் ஆப்பைத் திறந்ததும் பூஜ்யம். ஒரே மனிதர், ஒரே பதின்மூன்று நாள், ஐந்து விடைகள். இதனால்தான் கோடுக்கு முன்னால் தாள் என்கிறேன்.

அந்தத் தாளில் நீங்கள் செய்ததைக் கவனித்தால், ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து நிலையில் ஒன்றைத்தான் கொடுத்தீர்கள்: செய்தது, விடுப்பு, அன்றைக்கு வேலையில்லை, இன்னும் முடியவில்லை, தவறியது. ஆப்பின் இதயம் இந்த நிலையைச் சொல்லும் ஃபங்ஷன்தான். காலண்டரில் வண்ணம் அடிப்பதும், ஸ்ட்ரீக் எண்ணுவதும், ரிமைண்டர் வேண்டுமா என்று பார்ப்பதும் எல்லாம் அதைத்தான் கேட்க வேண்டும். அது இருந்துவிட்டால் ஸ்ட்ரீக் இவ்வளவுதான்:

```python
from datetime import timedelta

def streak(habit, today):
    n, d = 0, today
    while d >= habit.start_date:
        s = status(habit, d, today)
        if s == "done":
            n += 1
        elif s == "missed":
            break
        d = d - timedelta(days=1)
    return n
```

இங்கே `d` வெறும் தேதி, நேரம் கலந்ததல்ல. இது முக்கியம், ஏனென்றால் உங்கள் அக்கா லண்டனில் இருக்கிறார். அங்கே 2025 மார்ச் 30 அதிகாலை 1 மணிக்குக் கடிகாரத்தை 2 மணிக்குத் தள்ளினார்கள். அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். 31-ஆம் தேதி நள்ளிரவு 12:30-க்கு யாராவது ‘நேற்று’ என்பதை இப்போதிலிருந்து 24 மணி நேரம் கழித்துக் கணக்கிட்டால், வருவது 29-ஆம் தேதி இரவு 11:30. 30-ஆம் தேதியே காணாமல் போகும். தேதியில் ஒரு நாள் கழித்தால் இந்த வம்பு கிடையாது. (சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லை; தேதிக் கோட்டின் மறுபக்கம் தாவியபோது அதை விட்டுவிட்டார்கள். அங்கே யாருக்காவது ஸ்ட்ரீக் இருந்திருந்தால் பாவம்.)

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரைக் கடித்திருக்கிறது. `days` என்பதை `1010100` என்று வைத்தால் முதல் எழுத்து திங்களா ஞாயிறா? பைதானின் `weekday()` திங்களை 0 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் `getDay()`, SQLite-இன் `%w` இரண்டும் ஞாயிறை 0 என்கின்றன. நம் சுவர்க் காலண்டர் ஞாயிற்றில் ஆரம்பிக்கும். திங்கள் முதல் என்று ஒரு வரி எழுதி ஒட்டிவையுங்கள்.

‘வாரத்துக்கு மூன்று முறை, எந்த நாளானாலும் சரி’ என்ற பழக்கத்தை இந்த டேபிளில் திணிக்காதீர்கள். அதற்கு ஸ்ட்ரீக் நாட்களில் இல்லை, வாரங்களில் இருக்கிறது. தனி வகையாகத்தான் வைக்க வேண்டும். அதில் இரண்டு இடத்தில் யோசிக்க வேண்டும். வியாழக்கிழமை பழக்கத்தைத் தொடங்கியவருக்கு அந்த அரை வாரத்தைத் தவறியதாக எண்ணக் கூடாது. மூன்று முடிந்தால் கூட்டுங்கள், முடியாவிட்டால் தாண்டுங்கள். சனிக்கிழமை வரை ஒன்றும் செய்யாதவருக்கு மூன்று இனி நடக்காது என்று உங்களுக்குத் தெரிந்தாலும், வாரம் முடியும் வரை அறுந்ததாகக் காட்டாதீர்கள். முந்தாநாள் செய்ததை அவர் இன்று குறிக்கக்கூடும். முதல் பதிப்பில் இந்த வகையே வேண்டாம் என்பது என் கருத்து. அப்பாவுக்கு அது தேவைப்படாது.

பின்தேதியிட்டு டிக் போடுவதை எவ்வளவு தூரம் அனுமதிப்பது? நான் நேற்று, முந்தாநாள் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் திறந்துவிட்டால் அறுந்த ஸ்ட்ரீக்கை ஒட்டவைக்கும் ஆசை வரும், பிறகு அந்த எண்ணை அவரே நம்ப மாட்டார். விடுப்பை மட்டும் முன்கூட்டியும் போட விடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர் மூன்று நாளுக்கு இப்போதே குறித்துவிட்டுப் போகட்டும். ‘செய்தேன்’ என்பதை வருங்காலத் தேதிக்குப் போட விடாதீர்கள். அட்டவணையில் இல்லாத நாளில் செய்ததைச் சேமியுங்கள், காலண்டரில் காட்டுங்கள், ஆனால் ஸ்ட்ரீக்கில் சேர்க்காதீர்கள். இதற்கு `status` ‘வேலையில்லை’ என்றே சொல்ல வேண்டும்.

ரிமைண்டருக்கு வருவோம். இதைத் தனி டேபிளாக வையுங்கள்: எந்தப் பழக்கம், உள்ளூர் நேரம் `20:30`. அவ்வளவுதான். நேரத்தை யூ.டி.சி.யாக மாற்றிச் சேமித்தால், அக்காவின் காலை 7 மணி ரிமைண்டர் மார்ச் 30-க்குப் பிறகு 8 மணிக்கு அடிக்கும். அவர் கேட்டது கடிகாரத்தில் 7 மணி. அதையே வையுங்கள், அடுத்து எப்போது அடிக்க வேண்டும் என்பதை அப்போதைக்கு அப்போது கணக்கிடுங்கள். நாட்களை இங்கே மறுபடி எழுத வேண்டாம். அட்டவணையில் இருப்பதே போதும், இரண்டு இடத்தில் வைத்தால் ஒருநாள் இரண்டும் முரண்படும்.

ரிமைண்டருக்கு ஒரே ஒரு விதிதான்: அடிக்கும் கணத்தில் அந்த நாளின் நிலை ‘இன்னும் முடியவில்லை’ என்று இருந்தால் மட்டுமே அடிக்கலாம். காலையிலேயே நடந்துவிட்டு வந்தவரிடம் ராத்திரி “இன்னும் போகவில்லையா?” என்று கேட்கும் ஆப்பை இரண்டாம் வாரமே மௌனமாக்கிவிடுவார்கள். விடுப்பு போட்ட காய்ச்சல்காரரிடம் கேட்பது அதைவிட மோசம். நாள் மாறும் நேரம் 3 மணி என்பதால், நள்ளிரவு 1 மணிக்கு அடிக்கும் ரிமைண்டர் முந்தின தேதியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த விதி சுலபமாகத் தெரிகிறது, ஆனால் இரண்டு ஃபோனிலும் இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் அலாரம் அடிக்கும்போது உங்கள் கோட் ஓடும். அப்போதே நிலையைப் பார்த்துக் காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். ஐஃபோனில் முன்கூட்டி ஒப்படைத்த லோக்கல் நோட்டிஃபிகேஷன் வரும்போது உங்கள் கோட் ஓடாது. அதனால் டிக் போட்ட உடனேயே அன்றைய நோட்டிஃபிகேஷனை ரத்து செய்ய வேண்டும். அங்கே ‘தினமும் 8:30’ என்று திரும்பத் திரும்ப வரும் ஒன்றைப் போட்டுவிட்டால், இன்றைக்கு மட்டும் ரத்து செய்ய வழியில்லை; முழுவதையும்தான் எடுக்க முடியும். எனவே நாளுக்கு ஒன்றாகத் தனித்தனியே போட வேண்டும். அங்கே இன்னொரு கட்டுப்பாடு: ஓர் ஆப்புக்குக் காத்திருக்கும் நோட்டிஃபிகேஷன் 64-க்கு மேல் நிற்காது. ஆறு பழக்கம், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஒரு ரிமைண்டர் என்றால் பத்து நாளுக்கு 60. ஆப்பைத் திறக்கும்போதும் டிக் போடும்போதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுத்த பத்து நாளுக்குப் புதிதாகப் போடுங்கள். பத்து நாள் ஆப்பைத் திறக்காதவருக்கு ரிமைண்டர் தானாக ஓய்ந்துவிடும். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. பத்து நாள் கேட்காதவரிடம் பதினோராவது நாள் கத்தி என்ன ஆகப்போகிறது?

ஆண்ட்ராய்டில் தொல்லை வேறு பக்கம். ஃபோனை அணைத்துப் போட்டால் வைத்த அலாரங்கள் எல்லாம் போய்விடும். ஃபோன் எழுந்ததும் வரும் `BOOT_COMPLETED` செய்தியைக் கேட்டு மறுபடி வைக்க வேண்டும். டைம்ஸோன் மாறினாலும் மறுபடி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆப்பைத் திறந்த முதல் நொடியிலேயே கேட்காதீர்கள், அப்பா ‘வேண்டாம்’ என்பதைத்தான் தொடுவார். அவர் முதல் ரிமைண்டரை வைக்கும்போது கேளுங்கள். நொடி பிசகாத அலாரத்துக்கு ஆண்ட்ராய்டு 12 முதல் தனி அனுமதி இருக்கிறது. அதற்குப் போகவே வேண்டாம். வாக்கிங் ரிமைண்டர் 8:30-க்குப் பதில் 8:38-க்கு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பாட்டரியைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று ஃபோன் சில நேரம் அலாரத்தை வெகுநேரம் தள்ளிப்போடும். 8:30-க்கான ரிமைண்டர் மறுநாள் அதிகாலை 3 மணி தாண்டி வந்தால் காட்டாமல் விட்டுவிடுங்கள். இதற்காக, ரிமைண்டர் போடும்போதே அது எந்தத் தேதிக்கானது என்பதையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள், அடிக்கும்போது “இப்போது எந்த நாள்?” என்று கேட்டு இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தால் போதும்.

முதலில் எழுத வேண்டிய கோட் `status` ஃபங்ஷன். மேலே போட்ட மார்ச் 3 முதல் 15 வரையிலான கணக்கை அப்படியே டெஸ்ட்டாக எழுதி, விடை ஆறு வரும் வரை திரை எதையும் வரைய ஆரம்பிக்காதீர்கள். அதே டெஸ்ட்டை ஃபோனின் டைம்ஸோனை லண்டனுக்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். அங்கேயும் ஆறுதான் வர வேண்டும். வேறு எண் வந்தால், எங்கோ ஓர் இடத்தில் நேரத்திலிருந்து தேதியைப் பிரித்தெடுக்கும் வரி ஒளிந்திருக்கிறது.